மொழிபெயர்ப்பாளர் வைத்து டாக்டரைப் பார்க்கப் போகிறீர்களா? டர்பன் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோயில் வேலைக்கு வந்த ஸ்தபதிகள், அர்ச்சகர்கள், பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்த அம்மா அப்பாக்கள், கடைகளிலும் சமையலறைகளிலும் வேலை பார்ப்பவர்கள் என்று ஆங்கிலம் அவ்வளவாகப் பேசாத தமிழர்கள் டர்பனைச் சுற்றி நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களோடு ஆஸ்பத்திரிக்கும் அலுவலகங்களுக்கும் போய்வரும்போது ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் சிறப்பு மருத்துவரைப் பார்ப்பதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதிகம் சிக்கல் வருவது அங்கேதான். கடைசியில் வேலைத் தகராறைப் பற்றியும் கொஞ்சம் உண்டு.

டாக்டர் ரூமுக்குப் போன் செய்து நாள் குறித்துவிட்டோம். மொழிபெயர்ப்பாளர் வருகிறார் என்று அங்கே போனதும் சொன்னால் போதாதா?

போதாது. நாள் குறிக்கிற அந்தப் போனிலேயே சொல்லிவிட வேண்டும். வரவேற்பில் இருப்பவர் உங்களுக்கு எத்தனை நிமிஷம் என்று அப்போதே தீர்மானித்து விடுகிறார். உங்களுக்குப் பிறகு இன்னொருவர் பெயர் ஏறிவிட்டால் டாக்டரே நினைத்தாலும் நேரத்தை நீட்ட முடியாது. அங்கே போய்ச் சொன்னால் உங்களுக்குக் கிடைப்பது பாதிப் பேச்சுதான்.

இதில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் மொழிபெயர்ப்பாளரிடம் பேசி அவருக்கு ஒத்துவரும் இரண்டு மூன்று நாள்களை வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் டாக்டர் ரூமுக்குப் போன் செய்து அதில் ஒரு நாளைப் பிடியுங்கள். பிடித்ததும் மொழிபெயர்ப்பாளருக்கு உறுதி சொல்லுங்கள். பலர் டாக்டர் நாளை முதலில் வாங்கிவிட்டு மொழிபெயர்ப்பாளரைத் தேடுகிறார்கள். டர்பனில் டாக்டர்களைவிடத் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள்தான் குறைவு, ஆகவே கிடைப்பதற்கு அரிதானவரை முதலில் பிடியுங்கள்.

"தமிழ்" என்று சொல்லிவிட்டோம். வேறு என்ன சொல்ல வேண்டும்?

முதலில், அவர் அதைச் சரியாக எழுதிக்கொண்டாரா என்று பாருங்கள். இந்தியாவிலிருந்து வந்தவர் என்றதும் இந்தி என்று குறித்துக்கொள்வது நடக்கிறது. கோயில் வேலைக்கு வந்தவர் என்றால் கேட்காமலே தமிழ் என்று வைத்துக்கொள்வதும் உண்டு, வந்தவரின் மொழி தெலுங்காக இருக்கும். "என்ன மொழி என்று எழுதியிருக்கிறீர்கள், ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். அதில் தவறொன்றும் இல்லை.

அடுத்தது, எந்த ஊர்த் தமிழ் என்பது. இதை டாக்டர் ரூமைவிட மொழிபெயர்ப்பாளரிடம் சொல்வது முக்கியம். யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் வலியை விவரிக்கும் விதமும் திருநெல்வேலிக்காரர் விவரிக்கும் விதமும் வேறு. நோயாளி எந்த மாவட்டம், என்ன வயது என்று முன்பே தெரிந்தால் மொழிபெயர்ப்பாளர் தயாராக வருவார், முடியாது என்றால் முன்னாலேயே சொல்லிவிடுவார்.

மூன்றாவது, அவர் எந்த மொழியில் படிப்பார் என்பது. தமிழ் பேசுவார் ஆனால் படிக்கமாட்டார், ஆங்கில எழுத்து தெரியும் ஆனால் பேச வராது, மருந்துச்சீட்டை மட்டும் படித்துக்கொள்வார் என்று ஆளுக்கு ஆள் மாறும். காது மந்தமானவர் என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அது நேரக் கணக்கையே மாற்றும்.

அவர்கள் கொடுப்பது 20 நிமிஷம். நான் எவ்வளவு கேட்கட்டும்? இரட்டிப்பாகக் கேட்டால் போதுமா?

கண்ணை மூடிக்கொண்டு இரட்டிப்பு என்று கேட்பதைவிட, அந்த 20 நிமிஷத்தில் என்ன நடக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். டாக்டர் ஒரு வாக்கியம் சொல்கிறார், மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்கிறார். நோயாளி பதில் சொல்கிறார், அது ஆங்கிலத்துக்குப் போகிறது. ஆகவே பேச்சு மட்டும் இரண்டு மடங்கு ஆகும். வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதும் ஸ்கேன் படத்தை விளக்கில் வைத்துப் பார்ப்பதும் எந்த மொழியிலும் அதே நேரம்தான்.

கோயில் கோபுரத்தில் வேலை செய்யும் ஸ்தபதி ஒருவரை வைத்துக் கணக்குப் போடுவோம். கல்லையும் சிமெண்ட் மூட்டையையும் தூக்கித் தூக்கி அடிவயிற்றில் வீக்கம் வந்துவிட்டது. குடலிறக்கம், ஆபரேஷன் வேண்டியிருக்கலாம் என்று சாட்ஸ்வொர்த்தில் குடும்ப டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அறுவை மருத்துவர் முதல் தடவை பார்க்க 20 நிமிஷம் ஒதுக்குகிறார் என்று வையுங்கள். அதில் ஒரு 5 நிமிஷம் பரிசோதனை, மீதி 15 நிமிஷம் பேச்சு. பேச்சு 30 நிமிஷம் ஆகிறது. பரிசோதனையில் "இருமுங்கள், எழுந்து நில்லுங்கள்" என்று சொல்லவேண்டியிருப்பதால் 5 என்பது 7 ஆகும். ஆரம்பத்தில் யார் யார், எப்படிப் பேசப்போகிறோம் என்று சொல்ல 3 நிமிஷம். கடைசியில் ஸ்தபதி தனக்குப் புரிந்ததைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லவும் சந்தேகம் கேட்கவும் 5 நிமிஷம். ஆக 45.

எனவே 45 நிமிஷம் கேளுங்கள். எங்களிடம் 20, 20 ஆகத்தான் இருக்கிறது என்றால் அடுத்தடுத்து இரண்டு இடத்தை எடுத்துக்கொண்டு, குறையும் 5 நிமிஷத்தை வேறு வகையில் மிச்சம் பிடியுங்கள். பதிவுப் படிவத்தை முன்கூட்டியே அனுப்பச் சொல்லி வீட்டிலேயே நிரப்பிக் கொண்டு போங்கள். பழைய நோய்கள், சாப்பிடும் மாத்திரைகள், ஒத்துக்கொள்ளாத மருந்துகள் ஆகியவற்றை ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுங்கள். அந்தக் கேள்விகள் எல்லாம் அறைக்குள் இரண்டு தடவை பேசப்படாமல் தப்பிக்கும்.

நீண்ட நேரம் எடுத்தால் கட்டணமும் கூடலாம். எவ்வளவு என்று அதே போனில் கேட்டுவிடுங்கள். மருத்துவத் திட்டமோ பயணக் காப்பீடோ இருந்தால் அவர்கள் எவ்வளவு தருவார்கள் என்றும் கேட்டு வையுங்கள்.

காலையிலா மாலையிலா, எந்த நேரம் நல்லது?

நாளின் முதல் இடம். முன்னால் யாரும் இல்லாததால் தாமதம் சேராது. மொழிபெயர்ப்பாளர் மணிக்கணக்கில் காசு வாங்குபவர் என்றால், நீங்கள் வெளியே காத்திருக்கும் நேரத்துக்கும் அவருக்குக் கொடுக்க வேண்டும். அப்படியும் அறுவை மருத்துவர் அவசரத்துக்குப் போய்விடலாம், எனவே 45 நிமிஷச் சந்திப்புக்கு மொழிபெயர்ப்பாளரை இரண்டு மணி நேரத்துக்குப் பேசிவைப்பதுதான் நிம்மதி.

கடைசி இடத்தைச் சிலர் விரும்புவார்கள், பின்னால் யாரும் காத்திருக்கமாட்டார்கள் என்று. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்த நேரத்தில் டாக்டரும் களைத்திருப்பார், மொழிபெயர்ப்பாளரும் களைத்திருப்பார்.

ஈமெயில் போடச் சொல்கிறார்கள். என்ன எழுதுவது?

போனில் சொன்னதையே எழுத்தில் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் அனுப்புங்கள். போனை எடுத்தவர் அன்று விடுப்பில் இருந்தாலும் எழுத்து இருக்கும். ஆங்கிலத்தில்தான் அனுப்பவேண்டும், அதில் இருக்க வேண்டியது இவ்வளவுதான்:

> நோயாளி தமிழ் மட்டும் பேசுவார், தமிழ்நாட்டின் தென்மாவட்டத்துக்காரர். தமிழ் படிப்பார், ஆங்கிலம் படிக்கமாட்டார். எங்களுடன் ஒரு மொழிபெயர்ப்பாளர் வருவார், அவருடைய செலவு எங்களுடையது. ஒவ்வொரு பேச்சும் இரண்டு மொழியில் நடக்கவேண்டியிருப்பதால் 45 நிமிஷம் ஒதுக்கித் தரும்படி கேட்டுக்கொள்கிறோம். சரிப்படாவிட்டால் அடுத்தடுத்து இரண்டு இடங்கள் தாருங்கள். ஆபரேஷன் பற்றிப் பேச்சு வரும் என்று நினைக்கிறோம். ஒப்புதல் படிவம் இருந்தால் முன்கூட்டியே அனுப்பினால் மொழிபெயர்ப்பாளர் படித்து வருவார். மொழியையும் நேரத்தையும் குறித்துக்கொண்டதாக ஒரு வரி பதில் போடுங்கள்.

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பதில் வரவில்லை என்றால் உங்கள் கோரிக்கை எங்கும் ஏறவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். சந்திப்புக்கு முந்தின நாள் மறுபடியும் போன் செய்து "45 நிமிஷம், தமிழ்" என்று இரண்டையும் வாயால் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

எங்கள் கோயில் கமிட்டிச் செயலாளரே வருகிறேன் என்கிறார். அவருக்குத் தமிழும் ஆங்கிலமும் நன்றாகத் தெரியும். வெளியாள் எதற்கு?

அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் மேலே சொன்ன ஸ்தபதியின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "இது எப்போது, என்ன செய்துகொண்டிருந்தபோது தொடங்கியது?" கோயில் வேலையில் மூட்டை தூக்கும்போது என்பது பதிலாக இருந்தால், அது வேலையிடக் காயம் ஆகலாம். தென்னாப்பிரிக்காவில் வேலையிடக் காயங்களுக்கு நஷ்டஈடு தர 1993-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இருக்கிறது. விபத்து தெரிந்த 7 நாளுக்குள் முதலாளி அதைத் தெரிவிக்க வேண்டும். இங்கே முதலாளி கமிட்டி. தன் கமிட்டிக்குப் பொறுப்பு வரக்கூடிய ஒரு பதிலை அதன் செயலாளரே மொழிபெயர்க்கும் நிலையில் அவரை வைக்கக்கூடாது. ஸ்தபதியும் அவர் எதிரில் மனம் விட்டுப் பேசமாட்டார், வேலை விசா அவர்கள் கையில் இருக்கிறது என்ற பயம் இருக்கும்.

செயலாளர் காரில் கூட்டிவரட்டும், வெளியே உட்காரட்டும், பணம் கட்டட்டும். உள்ளே வரவேண்டாம்.

மகளுக்கு 12 வயது. பள்ளியில் ஆங்கிலம், வீட்டில் தமிழ். அவள் அப்பாவுக்குச் சொல்லமாட்டாளா?

நாள் குறிக்கவும் வழி கேட்கவும் அவள் உதவட்டும். நோயைப் பேசும் இடத்தில் வேண்டாம். குழந்தைக்கு அந்த வார்த்தைகள் தமிழிலும் தெரியாது, ஆங்கிலத்திலும் தெரியாது, தெரியவில்லை என்று சொல்லவும் கூச்சப்படும், ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாளிக்கும். சிறுநீர், மலம், ஆணுறுப்புப் பக்கம் வீக்கம் என்று பேச்சு போகும்போது எந்த அப்பாவும் மகள் வாயால் சொல்லவிடமாட்டார், மறைத்துவிடுவார். பிறகு ஆபரேஷனில் ஏதாவது தவறினால், தான் தப்பாகச் சொன்னதுதான் காரணம் என்று அந்தக் குழந்தை ஆயுசுக்கும் நினைத்துக்கொண்டிருக்கும்.

கணவனோ மனைவியோ மொழிபெயர்ப்பதிலும் இதே மாதிரி சிக்கல் உண்டு. பெண் மருத்துவம் தொடர்பான சந்திப்பு என்றால் பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். கிடைக்கவில்லை என்றால் ஆண் மொழிபெயர்ப்பாளர் திரைக்குப் பின்னாலோ போனிலோ இருந்து பேசலாம்.

நான் பீனிக்ஸில் பிறந்தவன், பாட்டியிடம் கற்ற தமிழ். புதிதாக வந்த அர்ச்சகருக்கு நான் மொழிபெயர்க்கலாமா?

1860-இல் ட்ரூரோ கப்பல் வந்ததிலிருந்து தலைமுறை தலைமுறையாக இந்த மொழியை வைத்திருக்கிறோம், அது பெரிய விஷயம். ஆனால் பாட்டியோடு பேசியது சமையலும் சாமியும் சொந்தபந்தமும். அறுவை மருத்துவர் பேசுவது வேறு. நீங்களே சோதித்துப் பாருங்கள்: "மயக்க மருந்தை முதுகுத்தண்டில் ஊசியாகப் போடுவோம், இடுப்புக்குக் கீழே மரத்துவிடும், நீங்கள் விழித்திருப்பீர்கள். துவாரத்தை மூட ஒரு வலையை வைத்துத் தைப்போம், அது உடம்பிலேயே இருக்கும். ஆறு வாரம் பாரம் தூக்கக்கூடாது." இதை ஆங்கிலத்தில் ஒருவர் வாசிக்க, நிறுத்தாமல் தமிழில் சொல்ல முடிகிறதா? அர்ச்சகர் தன் ஊர்த் தமிழில் வேகமாகப் பேசுவது முழுக்கப் புரிகிறதா?

இரண்டும் முடிந்தால் தாராளமாகப் போங்கள். ஒன்று முடியவில்லை என்றாலும் நீங்கள் தேவைதான். நாள் குறிப்பது, ஈமெயில் எழுதுவது, கூடப் போவது, திரும்பி வந்து மருந்துக் கடையில் நிற்பது எல்லாவற்றுக்கும் உங்களைப் போன்றவர்கள்தான் வேண்டும். அறைக்குள் மட்டும் வேறு ஒருவர் பேசட்டும்.

அப்படிப்பட்டவரை எங்கே தேடுவது? உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர் என்று ஒருவர் கிடைத்தார், அவர் போதுமா?

உறுதிமொழி எடுத்தவர் என்பது உயர்நீதிமன்றத்தில் பதிவு செய்து ஆவணங்களை மொழிபெயர்ப்பவர். பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழுக்கு அவர்தான் வேண்டும். எழுத்தை நிதானமாகப் பெயர்ப்பதும் எதிரே உட்கார்ந்து உடனுக்குடன் பேசுவதும் வேறு வேறு திறமை. இரண்டையும் செய்பவர்கள் உண்டு, ஆனால் "நேரில் பேசி மொழிபெயர்த்திருக்கிறீர்களா, ஆஸ்பத்திரியில் செய்திருக்கிறீர்களா?" என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

1956 முதல் இயங்கும் தென்னாப்பிரிக்க மொழிபெயர்ப்பாளர் நிறுவனத்தின் இணையதளத்தில் மொழிவாரியாகத் தேடலாம். தமிழுக்கு யாரும் கிடைக்காவிட்டால் ஊரிலிருந்து வந்து இங்கே மருத்துவமோ நர்ஸிங்கோ படித்தவர்கள், தமிழ் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்கள் ஆகியோரைத் தமிழ்ச் சங்கங்கள் மூலம் விசாரியுங்கள். விலையைப் பேசும்போது மணிக்கு எவ்வளவு, குறைந்தபட்சம் எத்தனை மணி, போக்குவரத்து யாருடையது, சந்திப்பு தள்ளிப்போனால் எவ்வளவு கொடுக்கவேண்டும் என்ற நான்கையும் கேளுங்கள். கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, சண்டை வருவது அதில்தான்.

இங்கே யாரும் இல்லை. சென்னையில் இருக்கும் ஒருவரைப் போனில் வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளலாம், முன்கூட்டியே டாக்டரின் சம்மதம் வாங்கிக்கொண்டு. இந்தியாவும் இலங்கையும் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால். டர்பனில் காலை 8 என்றால் சென்னையில் 11.30. இங்கே மாலை 4 என்றால் அங்கே இரவு 7.30. ஈமெயிலில் இரண்டு நேரத்தையும் எழுதுங்கள், "10 மணி" என்று மட்டும் எழுதியதால் இரண்டு பேரும் வெவ்வேறு 10 மணிக்குக் காத்திருக்கும் நிலை வரக்கூடாது.

போனை ஸ்பீக்கரில் போட்டு நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவில் வையுங்கள். வீடியோ இருந்தால் பரிசோதனைக்கு முன்னால் அணைத்துவிடுங்கள். மின்வெட்டு வந்தால் வைஃபை போய்விடும், ஆகவே சாதாரணப் போன் அழைப்புக்கும் காசு போட்டு வைத்திருங்கள். போனில் முகம் தெரியாததால் இடைமறிப்பும் "மறுபடி சொல்லுங்கள்" என்பதும் அதிகம் வரும். 45 நிமிஷம் என்று போட்ட கணக்கில் இன்னும் ஒரு 10 நிமிஷம் சேர்த்துக் கேளுங்கள்.

அறைக்குள் மொழிபெயர்ப்பு சரியாகப் போகிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத்தான் ஆங்கிலம் வராதே.

நீளத்தைக் கவனியுங்கள். நீங்கள் ஐந்து வாக்கியம் சொல்லி, அவர் டாக்டரிடம் இரண்டு வார்த்தை சொன்னால் ஏதோ விட்டுப்போகிறது. டாக்டரும் அவரும் நெடுநேரம் பேசிக்கொண்டு உங்களிடம் எதுவும் வரவில்லை என்றால் நிறுத்தி, "என்ன பேசினீர்கள், எனக்குச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர் "எனக்கு வலிக்கிறது" என்று உங்கள் இடத்திலிருந்து பேச வேண்டும். "இவருக்கு வலிக்கிறதாம், சும்மா பயப்படுகிறார்" என்று சொந்த அபிப்பிராயம் சேர்க்கிறவர் சரிப்படமாட்டார்.

உங்கள் பங்கும் இருக்கிறது. இரண்டு மூன்று வாக்கியத்தில் நிறுத்துங்கள், டாக்டர் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். கடைசியில் "நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், சரியா பாருங்கள்" என்று நீங்களே ஆரம்பியுங்கள். எப்போது ஆபரேஷன், முதல் நாள் எதைச் சாப்பிடக்கூடாது, எந்த மாத்திரையை நிறுத்தவேண்டும், எத்தனை வாரம் வேலை கூடாது என்று சொல்லுங்கள். இதற்காகத்தான் அந்த 5 நிமிஷத்தைத் தனியாகக் கேட்டு வாங்கினோம்.

நேரம் முடிந்துவிட்டது, கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போங்கள் என்கிறார்கள். போட்டுவிடலாமா?

அவசர உயிர்காக்கும் நிலை இல்லை என்றால் வேண்டாம். 2003-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம், 6-ஆம் பிரிவு, முடிந்தவரை நோயாளிக்குப் புரியும் மொழியில், அவருடைய படிப்பறிவையும் கணக்கில் எடுத்து விளக்க வேண்டும் என்கிறது. "முடிந்தவரை" என்ற சொல் அதில் இருப்பதை மறக்காதீர்கள், அதனால்தான் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்து கொண்டுபோகச் சொல்கிறேன். ஆள் பக்கத்தில் இருக்கும்போது முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

மரியாதையாக, "படிவத்தை எடுத்துக்கொண்டு போகிறோம், மொழிபெயர்ப்பாளர் வாசித்துச் சொன்னபிறகு கொண்டுவருகிறோம். சந்தேகம் கேட்க இன்னொரு 20 நிமிஷம் தாருங்கள்" என்று சொல்லுங்கள். அந்த நாளை அங்கே நிற்கும்போதே, மொழிபெயர்ப்பாளரும் பக்கத்தில் இருக்கும்போதே, குறித்துவிடுங்கள். கையெழுத்துப் போட்டால், மொழிபெயர்ப்பாளர் வாசித்து விளக்கினார் என்று ஒரு வரியும் அவர் பெயரும் படிவத்தில் இருக்கட்டும்.

அரசியலமைப்பிலேயே தமிழ் பெயர் இருக்கிறதே. அரசாங்க ஆஸ்பத்திரி தமிழ் ஆள் தந்தாக வேண்டாமா?

பெயர் இருக்கிறது, உண்மை. 1996 அரசியலமைப்பின் 6-ஆம் பிரிவில் குஜராத்தி, இந்தி, தெலுங்கு, உருது போன்றவற்றோடு தமிழும் வருகிறது. ஆனால் அது ஆட்சிமொழிகளின் பட்டியல் அல்ல. இந்தச் சமூக மொழிகள் வளர வழிசெய்து அவற்றுக்கு மதிப்புக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது அங்கே சொல்லப்படும் கடமை. ஆட்சிமொழிகள் இப்போது 12, அதில் தமிழ் இல்லை. எனவே ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவைக் காட்டி வாதாடுவதில் பலன் இல்லை, கேட்டுப் பாருங்கள், ஆனால் உங்கள் ஆளைத் தயாராக வைத்திருங்கள்.

குற்ற வழக்கு மட்டும் வேறு. குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியும் மொழியில் விசாரணை நடக்கவேண்டும், அது இயலாவிட்டால் அந்த மொழிக்கு மொழிபெயர்த்துத் தர வேண்டும் என்று 35-ஆம் பிரிவு உரிமை தருகிறது. அங்கே "தமிழ் வேண்டும்" என்று முதல் நாளே சொல்லுங்கள். ஆளைத் தேடவே நாளாகும், வழக்கு தள்ளிப்போகும்.

வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். வேலைத் தகராறுகளை விசாரிக்கும் சிசிஎம்ஏ-க்குப் போகிறேன். அங்கேயாவது தமிழில் பேசலாமா?

பேசலாம், ஆனால் ஆளை நீங்கள் கொண்டுபோக வேண்டியிருக்கும். புகார் கொடுக்கும் 7.11 படிவத்திலேயே மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று ஒரு பகுதி இருக்கிறது. ஆட்சிமொழிகள் தவிர மற்ற மொழிக்கு உங்கள் செலவில் கூட்டிவரலாம் என்று அங்கே குறிப்பு உண்டு. "மற்றவை" என்ற இடத்தில் தமிழ் என்று எழுதுங்கள். வேலைநீக்கம் நடந்த 30 நாளுக்குள் படிவம் போய்ச்சேர வேண்டும், ஆள் கிடைக்கட்டும் என்று காத்திருந்து அந்த நாள்களை இழக்காதீர்கள். படிவத்தை முதலில் கொடுங்கள், ஆளை அப்புறம் தேடுங்கள். டாக்டர் விஷயத்தில் சொன்ன வரிசைக்கு இது நேர் எதிர்.

விசாரணை நாள் அறிவிப்பு வந்ததும் கூடுதல் நேரம் வேண்டும் என்று எழுத்தில் சொல்லுங்கள். சாட்சிகள் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் தமிழில் பேசுவார்கள் என்று சேர்த்து எழுதினால் அவர்களால் நேரத்தைக் கணக்கிட முடியும். ஒருவரே தொடர்ந்து மொழிபெயர்க்கும்போது ஒரு மணி நேரத்துக்குப் பிறகு விட்டுப்போவது கூடும், ஆகவே மணிக்கொரு தடவை சிறு இடைவேளையும் கேளுங்கள். முதலாளியின் ஆளை மொழிபெயர்ப்பாளராக ஏற்காதீர்கள். காரணம் கமிட்டிச் செயலாளரைப் பற்றிச் சொன்ன இடத்தில் இருக்கிறது.

எல்லாம் ஏற்பாடு செய்தோம், அன்றைக்கு மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. திரும்பிவிடலாமா?

உடனே திரும்ப வேண்டாம். வரவேற்பில் சொல்லிவிட்டு, அடுத்த ஆளோடு இடம் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். அந்த நேரத்தில் போனில் வரக்கூடிய இரண்டாவது ஒருவரின் எண் உங்களிடம் இருக்க வேண்டும், ஏற்பாட்டின்போதே வாங்கி வைத்திருங்கள். அவரும் கிடைக்கவில்லை என்றால் சந்திப்பை இரண்டாகப் பிரிக்கலாம். பரிசோதனை, ரத்தம் எடுப்பது, ஸ்கேனுக்கு எழுதி வாங்குவது ஆகியவற்றைக் கூட வந்தவர் உதவியோடு அன்றே முடியுங்கள். என்ன நோய், என்ன ஆபரேஷன், என்ன ஆபத்து என்ற பேச்சையும் கையெழுத்தையும் இன்னொரு நாளுக்குத் தள்ளுங்கள்.

அந்த இன்னொரு நாளுக்கு மறுபடியும் 20 நிமிஷம் போட்டுவிடுவார்கள். பேச்சு மட்டும்தான் மிச்சம் என்பதால் ஒரு 40 நிமிஷம் வேண்டும் என்று அங்கேயே சொல்லி எழுதி வாங்குங்கள். வலி கூடினாலோ, வீக்கம் உள்ளே போகாமல் கெட்டியாகிவிட்டாலோ, வாந்தி வந்தாலோ மொழிபெயர்ப்பாளருக்காகவும் அந்த நாளுக்காகவும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.